ஆடிட்டர் ஏன் நிரல் கோடைப் படிப்பதில்லை?

கோப்பு பதிவேற்றும் வசதி ஒன்றுக்கான தேவை ஆவணத்தில் இப்படி ஒரு வரி: "10 எம்பி வரையுள்ள கோப்புகளை ஏற்க வேண்டும்." அதைப் படித்த நிரலாளர் எழுதியது இது என்று வைத்துக்கொள்வோம்.

```
LIMIT = 10 * 1024 * 1024
if size < LIMIT:
    accept(file)
```

இங்கே இரண்டு கோளாறுகள். ஒன்று கோடில் இருக்கிறது, மற்றது தேவை ஆவணத்தின் அந்த வரியிலேயே இருக்கிறது. ரிவியூ, இன்ஸ்பெக்‌ஷன், டெஸ்டிங், ஆடிட் எல்லாமே "செக் பண்ணுவது"தான் என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறவர்கள் உண்டு. இந்தக் கோளாறுகளை ஒவ்வொன்றிடமும் கொடுத்துப் பார்த்தால் மூட்டை தானாகப் பிரிந்துவிடும்.

ரிவியூவில் கேட்கப்படுவது, "நமக்கு வேண்டியது இதுதானா?" என்பது. 10 எம்பி என்றால் 1,00,00,000 பைட்டா, 1,04,85,760 பைட்டா என்று யாராவது ஒருவர் அங்கே கேட்டாக வேண்டும். நிரலாளர் இரண்டாவதை எடுத்துக்கொண்டார். வாடிக்கையாளர் நினைத்தது முதலாவதாக இருக்கலாம். கோடை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் இது பிடிபடாது. தேவை ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எழுதியவரையும் பயன்படுத்தப் போகிறவரையும் எதிரெதிரே உட்காரவைத்தால்தான் வெளியே வரும்.

இன்ஸ்பெக்‌ஷன் அதைவிடக் கறாரானது. ஐபிஎம் நிறுவனத்தின் மைக்கேல் ஃபேகன் 1976-ல் வெளியிட்ட முறைதான் இன்றைக்கும் இதற்கு அடிப்படை. வருகிறவர்கள் முன்கூட்டியே தனித்தனியாகப் படித்துவிட்டு வரவேண்டும். கூட்டத்தில் கோடை எழுதியவர் விளக்கமாட்டார். வேறொருவர் வரிவரியாகத் தன் சொற்களில் சொல்லிக்கொண்டே போவார். எழுதியவரின் கண் தான் எழுத நினைத்ததைத்தான் படிக்கும் என்பதால் இந்த ஏற்பாடு. "அளவு வரம்பைவிடக் குறைவாக இருந்தால் ஏற்கும்" என்று அவர் சொன்னதுமே, சரியாக 10 எம்பி இருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி எழும். அங்கே `<=` வர வேண்டும். அதைக் குறித்துக்கொள்வதோடு கூட்டத்தின் வேலை முடிந்தது, திருத்துவது பிறகுதான். மணிக்கு நூற்றுச்சொச்சம் வரிகள், ஒரு அமர்வுக்கு 2 மணி நேரம். அதற்கு மேல் ஓட்டினால் கண் மேய்கிறதே தவிரப் படிப்பதில்லை.

டெஸ்டிங்குக்கு ஓடுகிற நிரல் வேண்டும். 5 எம்பி ஒன்று, 20 எம்பி ஒன்று என்று போட்டுப் பார்த்தால் இரண்டும் பாஸ், கோளாறு அப்படியே இருக்கும். 1,04,85,759, 1,04,85,760, 1,04,85,761 பைட் என்று எல்லையின் இருபுறமும் எல்லையிலுமாகக் கொடுத்தால்தான் நடுவில் உள்ளது நிராகரிக்கப்படுவது தெரியும். அப்போதும் தெரிவது அறிகுறி மட்டுமே. எந்த வரி என்று தேடுவது தனி வேலை.

ஆடிட் இந்த வரிசையில் சேராது. ஆடிட்டர் மென்பொருளை எழுதுகிற குழுவைச் சேராதவர், கோடில் பிழை தேடமாட்டார். "செய்வோம் என்று திட்டத்தில் எழுதியதைச் செய்தீர்களா, ஆதாரம் எங்கே?" என்று கேட்பார். இந்த மாட்யூலின் இன்ஸ்பெக்‌ஷன் பதிவேட்டில் 900 வரிகள், 40 நிமிடம், தயாரிப்பு நேரம் காலி, "பிழை ஏதுமில்லை" என்று இருந்தால் போதும், கோடைத் திறக்காமலே அந்த இன்ஸ்பெக்‌ஷன் பெயருக்கு நடந்தது என்று அவர் எழுதிவிடலாம். ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. பதிவேடுகள் எல்லாம் பக்காவாக இருந்து, 10 எம்பியின் பொருளே தவறாக இருந்தாலும் ஆடிட் பாஸ் ஆகிவிடும். ஆடிட் சான்றைக் காட்டி மென்பொருள் நன்றாக இருக்கிறது என்று வாதிடுகிறவர்களை நம்புவதற்கில்லை.

சரி, டெஸ்டிங் திட்டத்தில் எங்கே உட்கார வேண்டும்? பெரும்பாலான திட்டங்களில் கடைசியில் ஒற்றைப் பட்டையாக நிற்கும். கோடிங் தாமதமானால் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். அதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். டெஸ்ட் கேஸ் எழுதுவது தேவை ஆவணத்தோடு சேர்ந்தே தொடங்க வேண்டியது. மேலே சொன்ன மூன்று எண்களை எழுத உட்கார்ந்த டெஸ்டர், 10 எம்பி எத்தனை பைட் என்று அன்றைக்கே கேட்டாக வேண்டும். ரிவியூ தவறவிட்டது அங்கே மாட்டும். ஓட்டிப் பார்ப்பதுதான் கோடுக்குப் பிறகு: முதலில் ஒவ்வொரு பகுதியையும் தனியாக ஓட்டும் யூனிட், பிறகு பகுதிகளைச் சேர்த்து ஓட்டும் இன்டக்ரேஷன், முழு மென்பொருளையும் ஓட்டும் சிஸ்டம், கடைசியில் வாடிக்கையாளரின் ஏற்புச் சோதனை.

திட்டத்தில் "சிஸ்டம் டெஸ்டிங் 10 நாள்" என்று மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். அதற்குள் கண்டுபிடித்தவற்றைத் திருத்தவும் மறுபடி ஓட்டவும் நாள் எங்கே? முதல் சுற்று 4 நாள், திருத்தம் 3, மறுசுற்று 3 என்று பிரித்தால், 10 நாளில் உண்மையில் எவ்வளவு சோதிக்க முடியும் என்பது உடனே தெரிந்துவிடும். டெஸ்டிங்கை எந்த நிலையில் நிறுத்தலாம் என்பதையும் முன்பே எழுதிவைக்க வேண்டும். தேதி நெருங்கிய பிறகு எழுதினால் இருக்கிற நிலைமையே இலக்காகிவிடும். ஆடிட்டை வெளியீட்டுக்குப் பிறகு வைப்பதில் இந்தத் திட்டத்துக்குப் பெரிய லாபமில்லை. சிஸ்டம் டெஸ்டிங்குக்கு முன்பே வைத்தால், 40 நிமிடத்தில் முடிந்துபோன அந்த 900 வரி இன்ஸ்பெக்‌ஷனை ஒழுங்காக மறுபடி நடத்த நேரமிருக்கும்.