கட்டாய வினாவா, இன்றியமையாத வினாவா?

அண்மைக்காலமாக மாதிரித் தேர்வுத் தாள்களின் முகப்பில் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படுகிறது: “28ஆம் வினா இன்றியமையாதது.” வேறொரு தாளில் “நுழைவுச்சீட்டு கொண்டுவருதல் இன்றியமையாதது.” இன்னொன்றில் “கருப்பு மைப் பேனா அத்தியாவசியம்.” ஆங்கிலத் தாளில் இருந்தது மேண்டேட்டரி, கம்பல்சரி போன்ற சொற்கள். தமிழில் கைக்கு எட்டும் தூரத்தில் ‘கட்டாயம்’ இருக்க, ஏன் இப்படிச் சுற்றி வளைக்கிறார்கள்? ‘கட்டாயம்’ கொச்சையாக ஒலிக்கிறது, ‘அவசியம்’ வடசொல், ஆகவே ‘இன்றியமையாமை’தான் தூய தமிழ் என்று ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. தூய்மையில் எனக்கும் பற்று உண்டு. ஆனால் தேர்வறையில் சொல் தூயதா என்பதற்கு முன், மாணவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று புரிகிறதா என்பதைப் பார்க்க வேண்டும்.

முதலில் ஆங்கிலச் சொற்களின் வேர். எசென்ஷியல் என்பது ‘இருப்பு’ என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அது இல்லாவிட்டால் பொருளே அந்தப் பொருளாக இராது. வைட்டல், உயிர் என்னும் சொல்லிலிருந்து. மேண்டேட்டரி, கட்டளை என்பதிலிருந்து. யாரோ ஒருவர் ஆணையிட்டிருக்கிறார். கம்பல்சரி, ஒருசேர ஓட்டுவது என்பதிலிருந்து, மந்தையை ஓட்டுவதுபோல. முதல் இரண்டும் பொருளின் இயல்பைச் சொல்கின்றன, பின் இரண்டும் ஓர் அதிகாரத்தின் விதியைச் சொல்கின்றன. இந்தக் கோடு அழிந்தால் மொழிபெயர்ப்பு கெட்டது.

தமிழ்ப் பக்கம் வருவோம். ‘அவசியம்’ என்பதைப் பிரித்தால் வேடிக்கையாக இருக்கும். வசம், வசியம் நாம் அறிந்த சொற்கள். அவற்றின் முன் எதிர்மறை ‘அ’. யாருடைய வசத்துக்கும் உட்படாதது, தவிர்க்க முடியாதது என்பது வடமொழியில் அதன் பொருள். வேரை மட்டும் பார்த்தால் விதியின் கடுமைக்கு இதுவே பொருத்தம். ஆனால் சொல் வேரில் வாழ்வதில்லை, வாயில் வாழ்கிறது. “கல்யாணத்துக்கு அவசியம் வந்துடுங்க” என்று பத்திரிகை வைக்கும்போது சொல்கிறோம். வராவிட்டால் மனத்தாங்கல் வரும், தண்டனை வராது. தமிழில் ‘அவசியம்’ அன்பான வற்புறுத்தலாகக் கனிந்துவிட்டது. அதற்கு ‘அதி’ என்று கொம்பு முளைத்ததுதான் ‘அத்தியாவசியம்’. 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தோடு அந்தச் சொல் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய்ப் பக்கம் நிலைத்துவிட்டது. “கருப்பு மைப் பேனா அத்தியாவசியம்” என்று படித்தால் பேனாவுக்கும் ரேஷன் கார்டு கேட்பார்களோ என்று தோன்றுகிறது.

‘கட்டாயம்’ என்பதைக் கட்டு, ஆயம் என்று பிரித்துக் காட்டுவார்கள். ஆயம் என்றால் சுங்கம், வரி. கட்டியே ஆகவேண்டிய வரி என்று கொண்டால் பொருள் பொருந்துகிறது. கன்னடத்திலும் இதே சொல் சற்று மெலிந்த ஒலியோடு இதே பொருளில் வழங்குகிறது. அந்தப் பிரிப்பு சரியோ இல்லையோ, ‘கட்டாயம்’ என்றதும் பின்னால் ஓர் அதிகாரம் நிற்பது எந்தத் தமிழருக்கும் தெரியும்.

இப்போது ‘இன்றியமையாத’. “நீர்இன்று அமையாது உலகு” என்பது குறள். இங்கே யாரும் யாருக்கும் ஆணையிடவில்லை. நீர் இல்லாவிட்டால் உலகம் நிலைபெறாது, அவ்வளவுதான். இந்தத் தொடருக்கு எப்போதும் இரண்டு முனைகள் வேண்டும்: எது இன்றி, எது அமையாது? உப்பின்றிக் குழம்பு அமையாது, சரி. 28ஆம் வினா இன்றி எது அமையாது? வினாத்தாளா, மாணவரா, மதிப்பெண்ணா? இரண்டாவது முனை அந்தரத்தில் தொங்குகிறது. எசென்ஷியலுக்கு இதைவிடச் சிறந்த தமிழ் கிடையாது என்பேன். மேண்டேட்டரிக்கு இது வெறும் தவறு.

தவறு ஏட்டளவில் நிற்பதில்லை. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பகுதியில் 15 முதல் 28 வரை பதினான்கு வினாக்கள். எவையேனும் 10 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும், அவற்றில் 28ஆவது கட்டாய வினா. அதாவது சாய்ஸ் இருப்பது 15 முதல் 27 வரைதான். அந்தப் பதின்மூன்றில் ஒன்பது, அதோடு 28. மூன்றாம் பகுதியும் இப்படியே, 29 முதல் 42 வரை, அங்கே 42 கட்டாயம். ஒரு மாணவி 28ஐ விட்டுவிட்டு 15 முதல் 27க்குள் பத்து வினாக்களைப் பிழையின்றி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். திருத்துபவர் அதில் ஒன்பதைத்தான் கணக்கில் கொள்ள முடியும். பத்தும் சரி, மதிப்பெண் 20 அல்ல, 18. இதே பிழை மூன்றாம் பகுதியில் நேர்ந்தால் போவது 5 மதிப்பெண். அவளுக்குக் கணக்கு தெரியாமல் போனதல்ல, குறிப்பு புரியாமல் போனது.

ஏன் புரியாமல் போகும்? வழிகாட்டி நூல்களில் நட்சத்திரக் குறி போட்டு ‘மிக முக்கிய வினா’ என்று அச்சிடுகிறார்கள். இம்பார்ட்டன்ட் கொஸ்டின் என்றால் வர வாய்ப்புள்ள வினா, படித்துவைத்தால் நல்லது என்று பிள்ளைகளுக்குப் பழக்கம். ‘இன்றியமையாத வினா’ அந்தக் குடும்பத்துச் சொல்லாகவே அவர்கள் காதில் விழும். ‘கட்டாய வினா’ அப்படி விழாது. மாணவர்கள் தங்களுக்குள் ‘கம்பல்சரி’ என்றும் ‘சாய்ஸ்ல விட்டேன்’ என்றும் எதிரெதிராகப் பேசுகிறார்கள். கட்டாயப் பாடம், விருப்பப் பாடம் என்ற இணையும் அதே எதிர்நிலைதான். ‘இன்றியமையாத பாடம்’ என்பதற்கு எதிர்ச்சொல் என்ன, ‘இன்றியும் அமையும் பாடமா’?

சந்தேகம் வந்தால் சொல்லை எதிர்மறையாக்கிப் பார்க்கலாம். “கூடுதல் விடைத்தாள் வாங்குவது கட்டாயமில்லை” என்றால் உங்கள் விருப்பம். “வாங்க வேண்டிய அவசியமில்லை” என்றால் வீண் வேலை, விட்டுவிடுங்கள் என்று ஓர் ஆறுதல் தொனி. “வாங்குவது இன்றியமையாதது அன்று” என்றால், அது இல்லாமலும் தேர்வு நடக்கும் என்று உலக இயல்பைப் பற்றிய ஒரு கருத்து. மூன்றும் மூன்று செய்திகள். எதிர்மறையில் இவ்வளவு தெளிவாகப் பிரிபவை உடன்பாட்டில் மட்டும் ஒன்றாகிவிடுமா?

வேறு சில மாற்றுகளும் புழங்குகின்றன. ‘கண்டிப்பாக’ பேச்சில் வலுவானதுதான், ஆனால் அது பேசுபவரின் உறுதி: “கண்டிப்பா வர்றேன்.” அச்சிட்ட விதியில் அது வாத்தியார் விரலை ஆட்டுவதுபோல் இருக்கிறது. ‘தேவை’ இன்னும் மெலிந்தது. “அடையாள அட்டை தேவை” என்ற வரி “விற்பனையாளர் தேவை” என்ற கடைப் பலகையின் தம்பி. வைட்டலுக்கு ‘உயிர்நாடி’ போடுபவர்களும் இருக்கிறார்கள். “பதிவெண்ணைச் சரிபார்ப்பது உயிர்நாடியாகும்” என்று படித்தால் சிரிப்புத்தான் வரும். குறிப்புத்தாளில் வைட்டல் என்பதற்கு ‘கவனமாக’ என்பதற்கு மேல் பொருள் பெரும்பாலும் இல்லை. “பதிவெண்ணை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்க்கவும்” என்றால் முடிந்தது. ஒவ்வொரு ஆங்கிலப் பெயரடைக்கும் ஒரு தமிழ்ப் பெயரடை தேடியே தீரவேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

‘கட்டாயம்’ சரி என்பதற்காக எல்லா வரியிலும் தூவுவதும் பிழை. ‘வேண்டும்’ என்ற வினையே விதியைச் சுமக்கிறது. “நீலம் அல்லது கருப்பு மையில் எழுத வேண்டும்” என்ற வரிக்கு மேற்கொண்டு எதுவும் வேண்டாம். பன்னிரண்டு குறிப்புகளில் ஒன்பதில் ‘கட்டாயம்’ இருந்தால் ஒன்றிலும் இல்லாததற்குச் சமம். வழக்கத்துக்கு மாறான விதி எதுவோ அங்கே அதை வையுங்கள். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் ஓஎம்ஆர் தாள் நல்ல எடுத்துக்காட்டு. A, B, C, D நான்கோடு E என்ற ஐந்தாவது வட்டமும் உண்டு. அதன் பொருள் ‘விடை தெரியவில்லை’. தெரியாத வினாவை வெறுமனே விட்டுவிடக் கூடாது, E-யைக் கருமையாக்க வேண்டும். நீட் போன்ற தேர்வுகளில் தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறையும், விட்டுவிட்டால் குறையாது. அங்கே பழகிய கை இங்கேயும் வட்டங்களைக் காலியாக விடும். அந்தப் பழக்கத்தை உடைக்க ‘கட்டாயம்’ வேண்டும், அதோடு விளைவும் வேண்டும். “விடை தெரியாவிடில் E-யைக் கட்டாயம் கருமையாக்கவும், எந்த வினாவையும் காலியாக விட்டால் மதிப்பெண் குறைக்கப்படும்” என்று ஒரே மூச்சில் சொல்ல வேண்டும்.

விளைவைச் சொல்லிவிட்டால் பல இடங்களில் ‘கட்டாயம்’கூட உதிர்ந்துவிடும். “நுழைவுச்சீட்டு இல்லாதவர் தேர்வறைக்குள் அனுமதிக்கப்பட மாட்டார்.” இதில் அவசியமும் இல்லை, இன்றியமையாமையும் இல்லை, வாசலில் நிற்கும் காவலருக்கும் புரியும்.

இன்னொன்று: கட்டாயம் என்றால் யாருக்கு என்று சொல்லியாக வேண்டும். 2009ஆம் ஆண்டின் இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் ‘கட்டாயம்’ குழந்தையின் தலையில் விழுவதில்லை. கல்வியை அளிக்கும் கடமை அரசுக்கு என்று அந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவு விளக்குகிறது. சட்டத்தின் பெயரை மட்டும் கேட்டவர்களுக்கு இது தெரியாது. தேர்வறையிலும் “முகப்புத்தாளில் கையொப்பம் கட்டாயம்” என்று மொட்டையாக எழுதினால் மாணவர் தன்னுடையதைப் போட்டுவிட்டு, கண்காணிப்பாளரின் கையொப்பம் விடுபட்டதைக் கவனிக்கமாட்டார். “தேர்வர் கையொப்பமிட வேண்டும், அறைக் கண்காணிப்பாளரின் கையொப்பத்தையும் பெற வேண்டும்” என்று இரண்டாக எழுதினால் அந்தக் குழப்பம் இல்லை.

மொழிபெயர்ப்பாளர்களை மட்டும் குறைசொல்வதும் சரியல்ல. ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்று நீட் வினாத்தாள் சொல்கிறது. 2018இல் அதன் தமிழ்த் தாளில் 49 வினாக்களில் பிழை என்று வழக்கு வந்தது. வினாவுக்கு நான்கு வீதம் 196 மதிப்பெண் வழங்கச் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அவ்வாண்டே உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆங்கிலம்தான் இறுதி என்று முன்கூட்டியே சொல்லிவிட்ட இடத்தில், தமிழ் வரியை இரண்டாம் முறை படித்துப் பார்க்க யாருக்கும் கட்டாயம் இல்லை. அவசியம் என்று வேண்டுமானால் சொல்லலாம், கல்யாணப் பத்திரிகையில் சொல்வதுபோல.