முக்கோணம் என்ற நிபந்தனையை எங்கே பயன்படுத்தினீர்கள்?

ஒலிம்பியாட் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்தும்போது நான் முதலில் தேடுவது ஒன்றுதான். "a, b, c ஒரு முக்கோணத்தின் பக்கங்கள்" என்று கணக்கு சொல்கிறது. அந்த வரியை மாணவர் எங்கே பயன்படுத்தியிருக்கிறார்? பல தாள்களில் எங்குமே இருக்காது. இரண்டு பக்கம் விரித்து எழுதி, கடைசியில் "எனவே நிரூபிக்கப்பட்டது" என்று முடித்திருப்பார்கள். நிபந்தனையைத் தொடாமலேயே முடிவு வந்துவிட்டது என்றால், பெரும்பாலும் நடுவில் ஏதோ ஒரு வரி பொய்.

மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. b + c > a, c + a > b, a + b > c என்ற மூன்று நிபந்தனைகளும் கையாள்வதற்குச் சிரமமானவை. அவற்றை எந்த இடத்தில் நுழைப்பது என்று தெரியாது. a, b, c மூன்றும் மிகை எண்கள் என்பது மட்டும் மனத்தில் நிற்கும், மற்றது நழுவிவிடும். இந்தச் சிக்கலைத் தீர்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒலிம்பியாட் வட்டாரத்தில் இதை ரவி பிரதியிடல் என்பார்கள்:

a = y + z, b = z + x, c = x + y

இதன் பொருளைப் படத்திலேயே பார்க்கலாம். முக்கோணத்துக்கு உள்வட்டம் வரைந்தால் அது மூன்று பக்கங்களையும் தொடும். ஓர் உச்சியிலிருந்து வட்டத்துக்குச் செல்லும் இரு தொடுகோடுகளும் சம நீளம் கொண்டவை. A-யிலிருந்து செல்லும் நீளத்தை x என்றும், B-யிலிருந்து y என்றும், C-யிலிருந்து z என்றும் வைத்தால், BC என்ற பக்கம் y + z ஆகிவிடுகிறது. மற்ற இரண்டும் அப்படியே.

இதில் முக்கியமானது, இது இரு திசையிலும் செல்லும் என்பதுதான். b + c − a = 2x. ஆகவே முக்கோணம் இருந்தால் x, y, z மூன்றும் மிகை எண்கள். மறுதலையாக, எந்த மூன்று மிகை எண்களை எடுத்தாலும் ஒரு முக்கோணம் கிடைக்கும். மூன்று நிபந்தனைகளும் "x, y, z மிகை எண்கள்" என்ற ஒரே சொற்றொடரில் அடங்கிவிடுகின்றன. பிறகு மறப்பதற்கு எதுவும் மிச்சம் இல்லை.

1983-ஆம் ஆண்டு பாரிஸில் நடந்த சர்வதேச கணித ஒலிம்பியாட்டின் ஆறாவது கணக்கை நான் ஒவ்வொரு குழுவுக்கும் தவறாமல் கொடுப்பேன். a, b, c முக்கோணத்தின் பக்கங்கள் என்றால்,

a²b(a − b) + b²c(b − c) + c²a(c − a) ≥ 0

என்று நிரூபிக்க வேண்டும்.

முதலில், நிபந்தனை உண்மையிலேயே தேவையா என்று பார்க்கச் சொல்வேன். a = 1, b = 2, c = 0.1 என்று வைத்துப் பாருங்கள். முதல் உறுப்பு −2. இரண்டாவது 0.76. மூன்றாவது −0.009. கூட்டினால் குறை எண். இவை முக்கோணத்தின் பக்கங்கள் அல்ல, அதனால்தான் முடிவு பொய்க்கிறது. ஆகவே முக்கோண நிபந்தனையைத் தொடாத எந்த நிரூபணமும் இங்கே தவறாகவே இருக்கும். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்தவர் இரண்டு பக்கம் வீணாக எழுத மாட்டார்.

இன்னொரு தவறும் இந்தக் கணக்கில் அடிக்கடி நடக்கிறது. "பொதுத்தன்மை குறையாமல் a ≥ b ≥ c என்க" என்று தொடங்குவது. இந்தக் கோவை சுழற்சி முறையில் அமைந்தது, சமச்சீரானது அல்ல. a-யையும் b-யையும் இடம் மாற்றினால் கோவையே மாறிவிடும். a-தான் மிகப் பெரியது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் b, c இரண்டில் எது பெரியது என்று நாமாக முடிவு செய்ய முடியாது. பாதி நிலைகளுக்கு மட்டும் நிரூபித்துவிட்டு முழு மதிப்பெண் எதிர்பார்ப்பவர்கள் ஏராளம்.

இப்போது பிரதியிடுவோம். a − b = y − x என்பதால் முதல் உறுப்பு (y + z)²(z + x)(y − x). பொறுமையாக விரித்தால்,

y³z + yz³ + 2y²z² + xy³ − xz³ − x²y² − x²z² + xyz(y − z − 2x)

மற்ற இரண்டு உறுப்புகளையும் விரிக்க வேண்டியதில்லை. x-ஐ y ஆகவும், y-ஐ z ஆகவும், z-ஐ x ஆகவும் மாற்றினால் அவை கிடைத்துவிடும். மூன்றையும் கூட்டும்போது y³z வகை உறுப்புகளும் −xz³ வகை உறுப்புகளும் ஒன்றையொன்று நீக்கிவிடும். வர்க்கங்களின் பெருக்கல்களுக்குக் கெழு 2 − 1 − 1, அதாவது சுழியம். மிஞ்சுவது இதுதான்:

2[ xy³ + yz³ + zx³ − xyz(x + y + z) ]

இந்த இடத்தில் எண்களை வைத்துச் சரிபாருங்கள். பக்கங்கள் 5, 4, 3 என்றால் x = 1, y = 2, z = 3. மூலக் கோவை 100 + 48 − 90 = 58. புதிய கோவை 2(65 − 36) = 58. சரி. அவசரத்தில் xy³ என்பதை x³y என்று எழுதியிருந்தால் 2(53 − 36) = 34 வந்திருக்கும். திசை மாறிய பிழையை இந்தச் சோதனை உடனே காட்டிக்கொடுக்கும். x = y = z என்ற எண்களை வைத்துச் சோதிப்பதில் பயனில்லை. அங்கே சரியும் தவறும் ஒரே விடையைத் தரும்.

இனி அடைப்புக்குறிக்குள் இருப்பதை xyz-ஆல் வகுத்தால், நிரூபிக்க வேண்டியது

y²/z + z²/x + x²/y ≥ x + y + z

கூட்டுச் சராசரி பெருக்குச் சராசரியைவிடக் குறையாது என்பதால் y²/z + z ≥ 2y. இதேபோல் z²/x + x ≥ 2z, x²/y + y ≥ 2x. மூன்றையும் கூட்டினால் முடிந்தது. x = y = z ஆகும்போது, அதாவது சமபக்க முக்கோணத்தில் மட்டும், சமம் வரும்.

அந்தப் போட்டியில் மேற்கு ஜெர்மனி மாணவர் பெர்ன்ஹார்ட் லீப் இதே கோவையை a(b − c)²(b + c − a) + b(a − b)(a − c)(a + b − c) என்று ஒரே வரியில் மாற்றி எழுதிச் சிறப்புப் பரிசு பெற்றார். a மிகப் பெரியது என்று வைத்தால் ஒவ்வொரு காரணியும் குறை எண்ணாகாது என்பது கண்ணுக்கே தெரிகிறது. அழகான தீர்வு. ஆனால் தேர்வு அறையில் அந்த வரி எல்லோருக்கும் தோன்றும் என்று நான் நம்பவில்லை. பிரதியிடலுக்குப் பொறுமை மட்டும் போதும்.

எல்லாக் கணக்குக்கும் இதையே நீட்டுவதும் தவறு. b + c − a போன்ற காரணிகள் தெரிந்தாலோ, நிபந்தனை இல்லாமல் முடிவு பொய்க்கிறது என்று சோதனையில் தெரிந்தாலோ பிரதியிடலாம். a/(b + c) + b/(c + a) + c/(a + b) என்ற கோவையை எடுத்துக்கொள்ளுங்கள். இது 3/2-க்குக் குறையாது என்பது எல்லா மிகை எண்களுக்கும் உண்மை. அங்கே பிரதியிட்டால் பகுதிகள் 2x + y + z என்று நீண்டு, கணக்கு இன்னும் மோசமாகிறது.

இதே கோவை முக்கோணத்தில் 2-ஐவிடக் குறைவு என்று காட்டுவதற்கு நிபந்தனை தேவை, ஆனால் பிரதியிடல் தேவையில்லை. b + c > a என்பதால் 2(b + c) > a + b + c. ஆகவே a/(b + c) < 2a/(a + b + c). மூன்றையும் கூட்டினால் 2 வந்துவிடுகிறது. அந்த 2-ஐ இன்னும் குறைக்க முடியுமா என்று கேட்டால்தான் x, y, z உதவிக்கு வருகின்றன. z = 1 என்று வைத்து x, y இரண்டையும் சுழியத்தை நோக்கிச் சுருக்குங்கள். a, b இரண்டும் 1-ஐ நெருங்கும், c மறையும், கூட்டல் 2-ஐ நெருங்கிக்கொண்டே போகும். x, y சுழியமாக முடியாது என்பதால் 2-ஐ எட்டாது.