மாஸ்டரி லேர்னிங்: கைவரும்வரை கற்றல்

கட்டட வேலையில் மேஸ்திரி என்று ஒருவரைச் சொல்கிறோமே, அந்தச் சொல் போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது. அவர்கள் மொழியில் ‘மெஸ்த்ரே’. அதன் மூலம் ‘மகிஸ்தர்’ என்ற லத்தீன் சொல். ‘மிகுதி’ என்று பொருள்படும் ‘மகிஸ்’ என்பதிலிருந்து பிறந்த இது, மற்றவர்களைவிட மிக்கவர், தலைவர், ஆசான் என்று விரிந்தது. அதே வேர் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ‘மாஸ்டர்’ ஆனது. ஆக, பரோட்டா மாஸ்டரும் கொத்தனார் மேஸ்திரியும் சொல்லளவில் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ‘மாஸ்டரி’ என்றால் அந்த மாஸ்டரின் நிலை: ஒரு வேலை முழுதாகத் தன் பிடிக்குள் வந்துவிட்ட நிலை.

கல்வித்துறையில் ‘மாஸ்டரி லேர்னிங்’ என்ற பெயர் நிலைத்தது சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பெஞ்சமின் புளூம் 1968-இல் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகு. கருத்து அதற்கும் பழையது. 1920-களிலேயே சிகாகோவை ஒட்டிய வின்னெட்கா நகரப் பள்ளிகளில் கார்ல்டன் வாஷ்பர்ன் இப்படி ஒரு முறையை நடத்திவந்தார். ஆனால் புளூமின் கையில் அதற்கு ஒரு கணக்கு கிடைத்தது. அந்தக் கணக்கைத் தந்தவர் ஜான் கரோல் என்ற உளவியலாளர். ஒரு பிள்ளைக்கு ஒரு பாடம் புரிய எவ்வளவு நேரம் தேவையோ, அதுதான் அந்தப் பாடத்தில் அவனுடைய திறன் என்று 1963-இல் அவர் எழுதினார். ‘மக்குப் பையன்’ என்று நாம் சொல்வதை அவர் ‘கூடுதல் நேரம் வேண்டிய பையன்’ என்று மாற்றிப் படித்தார்.

இதை வைத்துக்கொண்டு புளூம் சொன்னது எளிமையானது. வழக்கமான வகுப்பில் எல்லாருக்கும் நேரம் ஒன்று, அதனால் புரிதல் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. அதைத் திருப்பிப் போடு. புரிதலின் அளவை எல்லாருக்கும் ஒன்றாக வை, நேரம் வேறுபடட்டும். அப்படிச் செய்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பிள்ளைகளுக்கு மேல் அந்த அளவை எட்டிவிடலாம் என்றார்.

செய்முறையும் சிக்கலானது அல்ல. பாடத்தை ஓரிரண்டு வாரத்தில் முடிகிற அலகுகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வோர் அலகின் முடிவிலும் ஒரு சிறு தேர்வு. அதன் மதிப்பெண் பட்டியலில் ஏறாது, யாருக்கு எங்கே இடறுகிறது என்று பார்க்க மட்டுமே. எல்லை பெரும்பாலும் நூற்றுக்கு 80. எட்டாதவர்களுக்கு அதே பாடம் வேறு வழியில் மறுபடி, எட்டியவர்களுக்கு அதே பாடத்தில் ஆழமான வேலை. அப்புறம் இரண்டாவது தேர்வு. ஆண்டு முடிவில் பெயிலாக்கி அதே வகுப்பில் உட்கார வைப்பதோடு பலரும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அங்கே பிள்ளை இழப்பது ஒரு வருடம், கிடைப்பது பழைய பாடமே பழையபடி. இங்கே நிறுத்தம் சில நாள்தான், அதுவும் வேறு விதமாகச் சொல்லிக்கொடுப்பதற்காக.

சரி, இதை ஒரு சாதாரண வகுப்பில் வைத்துப் பார்ப்போம். ஆறாம் வகுப்பு, 40 பிள்ளைகள், ஒரு ஆசிரியர், பின்னங்களின் கூட்டல். இரண்டு வாரம் நடத்தி முடித்து 10 கணக்கு கொடுக்கிறார், 8 சரியாக இருந்தால் போதும். 22 பேர் எட்டிவிட்டார்கள், 18 பேர் எட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

இந்த 18 பேரும் ஒரே இடத்தில் நிற்கவில்லை என்பதுதான் முதல் தலைவலி. தாள்களைப் புரட்டினால் 8 பேர் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருக்கிறார்கள். மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டியிருக்கிறார்கள். இன்னும் 6 பேருக்கு முறை தெரிகிறது, மீச்சிறு பொது மடங்கு காணும்போது தவறுகிறார்கள். மீதி 4 பேருக்கு ஏழாம் வாய்ப்பாடே வரவில்லை. அவர்களுடைய சிக்கல் பின்னமே அல்ல, மூன்று வருடம் பழையது.

முதல் எட்டுப் பேருக்கு விதியை இன்னொரு முறை உரக்கச் சொல்வதில் பயனில்லை. ஒரு காகிதப் பட்டையை ஆறாக மடித்துக் கொடுத்தால், பாதி என்பது மூன்று மடிப்பு, மூன்றில் ஒன்று என்பது இரண்டு மடிப்பு, சேர்த்தால் ஐந்து, அதாவது 5/6 என்று கண்ணால் பார்ப்பார்கள். ‘பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியைவிடக் குறையுமா? 2/5 பாதியைவிடச் சின்னதாச்சே?’ என்று கேட்டால் அவர்களே சிரித்துவிடுவார்கள். ஆனால் இந்தப் பட்டை இரண்டாம் குழுவுக்கு வேண்டாதது, நான்கு பேருக்கோ எட்டாதது. ஒரே பாடவேளையில் மூன்று விதப் பாடம் நடக்க வேண்டும், இன்னொரு பக்கம் 22 பேருக்கு வேலையும் கொடுக்க வேண்டும். அந்த வேலை வெறுமனே ‘இன்னும் இருபது கணக்கு’ என்றால் வேகமாகப் படித்ததற்குத் தண்டனை மாதிரி ஆகிவிடும். அடுத்த தேர்வில் கெட்டிக்காரர்கள் மெதுவாக எழுதுவார்கள்!

மூன்று பாடவேளை இப்படிப் போராடி, இரண்டாம் தேர்வில் 11 பேர் எட்டினார்கள் என்போம். இப்போது 33 பேர். மீதி 7 பேரில் அந்த வாய்ப்பாட்டு நால்வரும் உண்டு. இதே போல வருடத்துக்கு 12 அலகு என்றால் 36 பாடவேளை கூடுதலாக வேண்டும். வாரத்துக்கு ஐந்து கணக்குப் பாடவேளை உள்ள பள்ளியில் அது ஏழு வாரத்துக்கு மேல். அந்த ஏழு வாரம் எங்கிருந்து வரும்? முதலில் நேரம் செலவிட்டால் பின்னால் வரும் அலகுகளில் பிள்ளைகள் வேகமெடுத்து ஈடுகட்டிவிடுவார்கள் என்பது புளூமின் நம்பிக்கை. ஆனால் அந்த வேக வித்தியாசம் அவ்வளவாகக் குறைவதில்லை என்றும், வேகமாகப் படிக்கும் பிள்ளைகளின் நேரத்தை எடுத்துத்தான் மெதுவானவர்களுக்குக் கொடுக்கிறோம் என்றும் பின்னால் வந்த ஆய்வாளர்கள் எதிர்வாதம் வைத்தார்கள்.

இன்னொரு சிக்கல் அந்த 80-இலேயே இருக்கிறது. மேலே சொன்ன 10 கணக்கில் 4 ஒரே பகுதி உள்ளவை, 3 இலேசான மடங்கு உள்ளவை (1/2 + 1/4 போல), 3 மட்டுமே 1/2 + 1/3 வகை என்று இருந்தால்? கடைசி வகை சுத்தமாகப் புரியாத பிள்ளை ஏழு வாங்கிவிடும், ஒன்று தற்செயலாகச் சரியானால் எட்டு. தாளில் ‘எட்டியாயிற்று’, உண்மையில் பாடத்தின் மையமே வரவில்லை. அதனால் கூட்டுத்தொகையைப் பார்க்காமல் ஒவ்வொரு வகையிலும் எத்தனை சரி என்று தனித்தனியே பார்க்க வேண்டும். இரண்டாம் தேர்வுக்கு அதே தாளைத் திரும்பக் கொடுத்தால் 5/6 என்ற விடையைத்தான் மனப்பாடம் செய்து வருவார்கள், எண்களை மாற்றிய இணைத்தாள் தேவை. மூன்று வாரம் கழித்து முன்னறிவிப்பு இல்லாமல் இரண்டு கணக்கு கொடுத்துப் பார்த்தால் எது நின்றது, எது அன்றைக்கு மட்டும் இருந்தது என்று தெரிந்துவிடும்.

ஆய்வுலகில் நடந்த சண்டையும் இதை ஒட்டியதே. 1984-இல் புளூம் வெளியிட்ட கட்டுரை, இந்த முறையில் படித்த வகுப்பின் சராசரி மாணவர் வழக்கமான வகுப்பில் நூற்றுக்கு 84 பேரை முந்துவார் என்றது. 1987-இல் ராபர்ட் ஸ்லேவின் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர், குறைந்தது நான்கு வாரம் நடந்த ஆய்வுகளை மட்டும் எடுத்துப் பார்த்தார். நடத்திய அலகிலிருந்தே எடுத்த தேர்வில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது, பொதுவான தரப்படுத்திய தேர்வில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. முறையை ஆதரிப்பவர்கள், அந்தத் தரப்படுத்திய தேர்வு நாங்கள் நடத்தாததையும் கேட்கிறதே என்றார்கள். இரு பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் ஆசிரியர் நடத்துவதும் கேள்வி கேட்பதும் மிக நெருங்கிவிட்டால் ‘புரிந்தது’ என்ற சொல் மெலிந்துவிடும் என்பது என் கருத்து.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கருத்து வேறு உருவத்தில் வந்தது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007 வாக்கில் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல்தான் அது. ஆந்திராவின் ரிஷிவேலியில் உருவான அட்டை முறை அதற்கு முன்மாதிரி. சுவரில் கற்றல் ஏணி, தட்டுகளில் அட்டைகள். பிள்ளை தன் படிக்குரிய அட்டையை எடுத்து முடித்து, மதிப்பீட்டு அட்டையைத் தாண்டினால்தான் அடுத்த படி. புளூமின் முறையில் வகுப்பு முழுவதும் சேர்ந்து நகரும், இதில் ஒவ்வொரு பிள்ளையும் தனியே நகரும். பத்து நாள் பள்ளிக்கு வராத பிள்ளை திரும்பி வந்து விட்ட படியிலேயே தொடரலாம் என்பது பெரிய வசதி. ஆனால் 40 பேரும் இருபது படிகளில் சிதறி நின்றால், யார் அட்டையை உண்மையாகவே முடித்தார், யார் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து முடித்தார் என்று ஒரே ஆசிரியர் எப்படிப் பார்ப்பது?

இனி பெயருக்கு வருவோம். ‘தேர்ச்சிக் கற்றல்’ என்று எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் தேர்ச்சி என்றதும் மனதில் வருவது 35 மதிப்பெண், அது இந்தக் கருத்துக்கு நேர் எதிர். இலங்கையிலோ பாடத்திட்டம் முழுவதும் ‘தேர்ச்சி’ என்ற சொல்லை ‘காம்பிடன்சி’க்குக் கொடுத்துவிட்டார்கள், அது வேறு கருத்து. ‘முழுமைக் கற்றல்’ நன்றாக ஒலித்தாலும், நூற்றுக்கு எண்பதை முழுமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ‘கசடறக் கற்றல்’ என்று குறளிலிருந்து எடுக்கலாமே என்பார்கள். அழகுதான். ஆனால் இந்த முறை இருபது பங்கு கசடை அனுமதித்துவிட்டல்லவா அடுத்த பாடத்துக்குப் போகிறது!

‘கைவருதல்’ என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. சமையல் கைவந்தது, எழுத்து கைவந்தது என்கிறோம், ‘கைவந்த கலை’ என்கிறோம். முதலில் சொன்ன மேஸ்திரியின் கைக்கும் அது பொருந்தும். சித்தாள் மட்டம் பிடிக்கப் பழகும்போது எத்தனை நாள் என்று யாரும் கணக்குப் போட்டு வைப்பதில்லை, கைவரும்வரை பழகுகிறான். அந்த ‘வரை’தான் கரோல் சொன்ன நேரம். அதனால் ‘கைவரும்வரை கற்றல்’ என்று முழுசாகவே எழுதலாம் என்பது என் முடிவு, சுருக்கமாக வேண்டும் என்றால் ‘கைவரக் கற்றல்’. மேலே சொன்ன வகுப்பின் குறிப்பேட்டில் ‘தேர்ச்சி 82.5 விழுக்காடு’ என்று எழுதுவதற்குப் பதில் இப்படி எழுதலாம்: ‘பின்னக் கூட்டல் 33 பேருக்குக் கைவந்தது. 3 பேருக்கு இன்னும் வரவில்லை. 4 பேருக்கு வாய்ப்பாட்டிலிருந்து தொடங்க வேண்டும்.’