கடனை அடைத்தால் ஆட்டம் நிற்காது, ஐயா!

போனில் பணம் வைத்து ஆடும் பழக்கத்தில் சிக்கி இந்த மாதம் என்னிடம் வந்தவர்களில் இவர் நான்காவது ஆள். தூக்கம் இல்லை, வயிறு எரிகிறது, தலைவலி என்று வந்தார். 34 வயது, கம்பெனியில் சூப்பர்வைசர். இ.சி.ஜி., சர்க்கரை, தைராய்டு எல்லாம் சரி. வேறிடத்தில் கொடுத்த கேஸ் மாத்திரையும் தூக்க மாத்திரையும் ஆறு மாதமாக ஓடிக்கொண்டிருந்தன. பணத்தைப் பற்றி அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. (அடையாளம் தெரியாமல் இருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இப்படி வருகிறவர்களிடம் நான் இரண்டு கேள்வி கேட்பேன். பந்தயத் தொகையைக் கூட்டிக்கொண்டே போகணும்னு தோணியிருக்கா? எவ்வளவு ஆடுறீங்கன்னு வேண்டியவங்ககிட்ட பொய் சொல்ல வேண்டி வந்திருக்கா? இதற்கு லை-பெட் என்று பெயர். ஒன்றுக்கு 'ஆமாம்' வந்தாலும் மேலே விசாரிக்க வேண்டும், ஆனால் அதை வைத்தே நோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. "சூதாடுவீங்களா?" என்று மட்டும் தொடங்காதீர்கள். அவர் கணக்கில் சூது என்றால் கிளப்பில் சீட்டுக்கட்டு, போனில் ஆடுவது வெறும் கேம். "ரம்மி, கிரிக்கெட், கலர், எதிலாவது பணம் போடுவீங்களா?" என்று கேளுங்கள். கூட வந்தவரை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கேளுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு இவர் தரையைப் பார்த்தார். சூதாட்ட நோயைத் தீர்மானிக்கும் ஒன்பது அறிகுறிகளில் ஓராண்டுக்குள் நான்கு இருந்தாலே போதும், இவருக்கு ஆறு இருந்தன. அடுத்து தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்டேன். கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுமோ என்று தயங்கவே வேண்டாம். இவருக்கு "செத்துடலாமா" என்று தோன்றியிருக்கிறது, திட்டம் எதுவும் இல்லை. திட்டம் இருந்திருந்தால் அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்பியிருப்பேன். இரவில் தாங்க முடியாவிட்டால் 14416 டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் பேசச் சொல்லி எண்ணை அவர் போனிலேயே பதிந்து கொடுத்தேன்.

அப்புறம் மாமனார் உள்ளே வந்தார். "மூணு லட்சத்தை அடைச்சுடறேன் டாக்டர், அதோட விட்டுடுவார்." இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. இவருக்கு ஏற்கெனவே இரண்டு முறை அடைத்திருக்கிறார்கள்! ஆடுகிறவர் மனசுக்கு அது ஒரு ஜெயிப்பு மாதிரி, சுமை இறங்கியதும் கை பரபரக்கிறது. லோன் ஆப்பிலோ, கட்டி முடித்ததும் முன்னைவிடப் பெரிய தொகைக்கு ஆஃபர் வருகிறது. இன்னொன்று, வீட்டில் சொல்கிற கடன் பட்டியல் முதல் முறை முழுதாக இருப்பதில்லை. சொல்லாமல் விட்ட ஒரு கடன், "ஒரே ஆட்டத்தில் எடுத்துடலாம்" என்று அவரைத் திரும்ப உள்ளே இழுக்கிறது. அதனால் முதலில் சிபில் அறிக்கை எடுக்கச் சொன்னேன், ஆண்டுக்கு ஒன்று இலவசம். அனுமதியில்லாத ஆப்களும் கைமாற்றும் அதில் வராது, அதைத் தனியாக எழுத வைத்தேன். மூன்று லட்சம் 4.6 லட்சம் ஆனது. இனி மாதாமாதம், கடன் கொடுத்தவருக்கே நேராகக் கட்டுங்கள், மாப்பிள்ளை கையில் கொடுக்காதீர்கள் என்றேன். மாமனாருக்கு முகம் வாடியது. அவர் பாசத்தைக் குறை சொல்லவில்லை, அது போகிற வழிதான் தப்பு.

சிகிச்சை பெரிதாக ஒன்றுமில்லை, வாரம் ஒரு முறை இருபது நிமிடம், நான்கு வாரம். ஆட்டத்தால் வந்தது, போனது இரண்டையும் அவரே எழுதினார். ஆசை வந்த நேரத்தைக் குறித்துவந்தார்: சம்பளம் வரும் 7ஆம் தேதி இரவு, மனைவியோடு சண்டை, நைட் ஷிஃப்ட் இடைவேளை. சம்பளக் கணக்கு மனைவி பொறுப்புக்குப் போனது. இவர் போனில் யூபிஐ இல்லை, கையில் தினம் 200 ரூபாய். ஆசை எழுந்தால் அரை மணி தள்ளிப்போட்டு, போனை வைத்துவிட்டு நடக்க வேண்டும், அல்லது தம்பிக்குப் பேச வேண்டும். இதற்கென்றே அங்கீகரித்த மாத்திரை கிடையாது. நால்ட்ரெக்சோன் என்ற மருந்தை மனநல மருத்துவர் சிலருக்குத் தருவார், அது அவர் முடிவு.

(சக மருத்துவர்களுக்கு: பார்க்கின்சனுக்கு ப்ராமிபெக்சோல், மனநோய்க்கு அரிபிப்ரசோல் எடுக்கிறவருக்குப் புதிதாக இந்தப் பழக்கம் வந்தால் மருந்தைச் சந்தேகியுங்கள். சட்டென நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் பேசுங்கள்.)

2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்கச் சட்டம் வந்துவிட்டதே என்பார்கள். வந்தது, ஆனாலும் டெலிகிராமில் லிங்க் வருகிறது. மூன்றாம் மாதம் இவருக்கும் வந்தது. நண்பரிடம் கடன் வாங்கி 2,000 ரூபாய் விட்டிருக்கிறார். "எல்லாம் போச்சு, இனி எதுக்கு" என்ற நினைப்புத்தான் அந்த 2,000-ஐ இருபதாயிரம் ஆக்கும். அதற்காகவே முதல் வாரத்தில் ஒரு சீட்டு எழுதி அவர் பர்ஸில் வைத்திருந்தோம்: 'நிறுத்து, இன்றே மனைவியிடம் சொல், நாளை ஓ.பி.க்கு வா.' மறுநாள் காலை டோக்கன் எண் மூன்று அவருடையது. லிங்க் வந்த குழுவிலிருந்து என் முன்னாலேயே வெளியேறினார். நண்பருக்கு அங்கிருந்தே போன் போட்டு, இனிப் பணம் தராதே என்று சொன்னார். அடுத்த முறை வரும் நாளை 7ஆம் தேதி மாலைக்குக் குறித்துக் கொடுத்தேன்.