ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ: ராத்திரி வீட்டுக்குள்ள சினிமா லுக்குக்கு மூணு சொல்

கேமராவ மேனுவல்ல போட்டதும் நெறைய பேர் மொதல்ல கை வைக்கிறது ஐஎஸ்ஓல தான், ரூம் இருட்டா இருக்கு, ஏத்தி விடுவோம்னு. ராத்திரி வீட்டுக்குள்ள சினிமா மாதிரி வீடியோ வேணும்னா வரிசைய திருப்பிப் போடணும், ஷட்டர் மொதல்ல, அப்புறம் அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ கடைசில.

ஷட்னா இங்கிலீஷ்ல மூடு, மூடுறது ஷட்டர், கடைவீதில ராத்திரி இழுத்து விடுறாங்களே அதே ஷட்டர். தமிழ்ல மூடின்னு சொல்லிடலாம், ஆனா ஷட்டர் ஸ்பீட "மூடி வேகம்"னு போட்டா தப்பான அர்த்தம் வருது, ஏன்னா அது வேகமே இல்ல, ஒரு ஃப்ரேமுக்கு ஒளி எவ்வளவு நேரம் படுதுங்கிற கணக்கு. என்னைக் கேட்டா "ஒளிபடும் நேரம்" தான் சரி. பழைய ஃபிலிம் கேமராக்குள்ள பாதி வெட்டின வட்டத்தட்டு ஒண்ணு சுத்தும், 180 டிகிரி திறப்பு, நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடுறப்ப ஒவ்வொண்ணுக்கும் 1/48 நொடி ஒளி படும், கைய வீசுனா லேசா மங்கலா தெரியுற அந்த சினிமா அசைவு இதுல இருந்து தான் வருது. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால பல பல்பு கண்ணுக்குத் தெரியாம நொடிக்கு 100 தடவ மினுக்கும், 25 ஃப்ரேமும் 1/50ம் வச்சா ஒவ்வொரு ஃப்ரேம்லயும் சரியா ரெண்டு மினுக்கு அடங்கிடும், மினுக்கல் தெரியாது. 1/60 வச்சா சுவத்துல மங்கலான பட்டை தெரியலாம். மெனுல 25 ஃப்ரேமே காணோம்னா கேமரா அமெரிக்க டிவி முறையான NTSCல இருக்கும், நம்ம ஊர் முறையான PALக்கு மாத்துங்க. இப்படி 1/50ல பூட்டிட்டா அப்புறம் அதத் தொடாதீங்க.

அப்பர்ச்சர், லத்தீன்ல "திற"ங்கிற சொல்லுல இருந்து வந்தது, தமிழ்ல துளை, ஸ்கூல் புக்குல ஊசித்துளை கேமரா படிச்சோம்ல, அந்தத் துளை தான். குழப்பம் நம்பர்ல. f/2னா லென்ஸோட குவியத்தூரத்துல ரெண்டுல ஒரு பங்கு, 50 எம்எம் லென்ஸ்ல 25 எம்எம் துளை, f/4னா 12.5 எம்எம், அதான் நம்பர் ஏற ஏற இருட்டாகுது. பின்னாடி மங்கலாகணும்னு f/1.8க்கு போயிடுவாங்க, ஆனா கிராப் சென்சார்ல 50 எம்எம் போட்டு ஒன்றரை மீட்டர்ல ஆள உக்கார வச்சா ஃபோகஸ்ல இருக்கிற ஆழம் மொத்தமே 6, 7 செமீ தான், கண்ணுல ஃபோகஸ் வச்சா காது மங்கிடும், ஆள் கொஞ்சம் முன்னாடி சாஞ்சா முகமே போச்சு. f/2.8ல சுமார் 10 செமீ கிடைக்கும், புதுசா எடுக்குறவங்களுக்கு அது நிம்மதி.

ஐஎஸ்ஓங்கிறது சர்வதேச தரநிர்ணய அமைப்போட பேரு, அவங்க சொல்றபடி அது எழுத்துச் சுருக்கம் கூட இல்ல, "சமம்"ங்கிற கிரேக்க சொல்லுல இருந்து எடுத்தது. ஃபிலிம் காலத்துல அமெரிக்காவுல ஏஎஸ்ஏ, ஜெர்மனில டின்னு ஆளுக்கொரு கணக்கு வச்சிருந்தாங்க, ரெண்டையும் ஒண்ணா சேர்த்தப்ப வந்த பேரு. தமிழ்ல ஒளியுணர்திறன்னு எழுதுறாங்க, ஃபிலிமுக்கு பொருந்தும், டிஜிட்டல்ல சென்சாரோட உணர்திறன் மாறுறதே இல்ல, விழுந்த ஒளிய அப்புறமா பெருக்கித் தர்றாங்க, அதனால "பெருக்கம்"னு நினைச்சுக்கிட்டா வேலை சுலபம். கம்மியா விழுந்தத பெருக்குனா கூடவே புள்ளி புள்ளியா இரைச்சலும் பெருசாகும்.

இப்ப ஒரு ரூம எடுத்துக்குவோம். மேல இருக்கிற ட்யூப்லைட்ட அணைச்சுட்டு, ஆளுக்குப் பக்கவாட்டுல ரெண்டு மீட்டர்ல ஒரு டேபிள் லாம்ப், 25 ஃப்ரேம், 1/50, f/2.8, முகம் சரியா வர ஐஎஸ்ஓ 3200 கேக்குதுன்னு வைங்க. ஐஎஸ்ஓவ விட்டுட்டு லாம்ப ஒரு மீட்டருக்கு நகர்த்துங்க, சின்ன விளக்குல தூரம் பாதியானா ஒளி கிட்டத்தட்ட நாலு மடங்கு, 3200 கேட்ட இடத்துல 800 போதும், ஐஎஸ்ஓவ அப்படி இறக்குனதும் சுவரும் தானா இருட்டாகி முகம் தனியா எடுத்து நிக்கும், ரூம் முழுக்க பளிச்னு வேணும்னு ஐஎஸ்ஓவ ஏத்துனா அது நியூஸ் வீடியோ லுக். அதுக்காக ஐஎஸ்ஓவ ரொம்ப கம்மி பண்ணி எடுத்துட்டு எடிட்ல தூக்கலாம்னும் நினைக்காதீங்க, நிழல் பக்கம் கலர் புள்ளி இன்னும் மோசமாத் தெரியும். முகம் எடுக்கும்போதே சரியா இருக்கணும், நிழல் கறுப்பாவே போகட்டும்.

ஆட்டோ ஐஎஸ்ஓ கட்டாயம் ஆஃப், இல்லன்னா ஆள் நகர்ந்தா சுவரு வெளிச்சம் ஏறி இறங்கும். கேமராவோட வர்ற கிட் லென்ஸ் வச்சிருக்கவங்க 18 எம்எம்லயே இருங்க, 55க்கு ஸூம் பண்ணா துளை f/3.5ல இருந்து f/5.6க்கு தானா சுருங்கி ஒளி பாதிக்கும் கீழ போயிடும், அப்ப 800 இருந்த இடத்துல 2000 கேக்கும்.