ஃபெட் அறிவிப்புக்கு முந்தின நாள் தங்கம் வாங்க ஓடாதீர்கள்

அமெரிக்க மத்திய வங்கியான ஃபெட் வட்டியைக் குறைத்தால் தங்கம் ஏறும் என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. மதுரையில் முதலீட்டு ஆலோசகராக இருக்கும் என்னிடம், ஃபெட் கூட்டம் நெருங்கும் ஒவ்வொரு முறையும் இதே கேள்வியோடு யாராவது வருகிறார்கள். காரணமும் சரிதான். தங்கம் வட்டி தராது. டாலரில் போட்ட பணத்துக்கு வட்டி குறையும்போது, வட்டி தராத தங்கத்தை வைத்திருப்பதால் வரும் நஷ்டமும் குறைகிறது. அதனால் தங்கத்தை வாங்க ஆள் கூடுகிறது. ஆனால் அந்த ஏற்றம் எந்தத் தேதியில் வரும் என்பதில்தான் பலர் பணத்தை விடுகிறார்கள்.

2024 செப்டம்பர் 17ஆம் தேதி, மாட்டுத்தாவணியில் பூ வியாபாரம் செய்யும் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். “நாளைக்கு ராத்திரி அமெரிக்காவுல வட்டியக் குறைக்கிறாங்களாம் சார். வீட்டு நகைய அடகு வச்சு இன்னைக்கே பத்து பவுன் காசு வாங்கிப் போட்டா, பத்து நாள்ல வித்துறலாம்ல?” என்று கேட்டார். ஐப்பசியில் அவர் மகளுக்குக் கல்யாணம் இருந்தது. வருகிற லாபத்தில் செய்கூலியாவது கழியும் என்பது அவர் கணக்கு.

“அண்ணே, முகூர்த்தத்துக்கு மல்லிகை எப்ப விலை ஏறும்?” என்று கேட்டேன். “ரெண்டு நாள் முன்னாடியே ஏறிரும்” என்றார். தங்கத்திலும் அதுதான் நடக்கிறது. என்ன வித்தியாசம் என்றால், இங்கே எவ்வளவு முன்கூட்டியே ஏறியிருக்கிறது என்பதை ஓரளவு எண்ணிலேயே பார்த்துவிடலாம்.

சிகாகோவில் உள்ள சிஎம்இ சந்தையில் ‘ஃபெட் ஃபண்ட்ஸ் ஃபியூச்சர்ஸ்’ என்ற ஒப்பந்தம் நடக்கிறது. அமெரிக்க வங்கிகள் ஒன்றுக்கொன்று ஒரே இரவுக்குக் கொடுக்கும் கடனின் வட்டி, ஒரு மாதத்தில் சராசரியாக எவ்வளவு இருக்கும் என்பதே அதன் அடிப்படை. 100இலிருந்து அந்த வட்டியைக் கழித்தால் வருவதுதான் ஒப்பந்தத்தின் விலை. விலை 95 என்றால், அந்த மாதம் சராசரி வட்டி 5 சதவீதம் இருக்கும் என்று சந்தை நினைக்கிறது.

அந்தச் செப்டம்பரில் நடப்பு வட்டி 5.33 சதவீதம். 18ஆம் தேதி முடிவுக்குப் பிறகு நவம்பர் வரை வேறு கூட்டம் கிடையாது. ஆகவே அக்டோபர் ஒப்பந்தத்தைப் பார்த்தால் கணக்கு சுத்தமாக வரும், மாதம் முழுக்க ஒரே வட்டிதான். கால் சதவீதம் குறைத்தால் வட்டி 5.08 ஆகும், ஒப்பந்தம் 94.92இல் நிற்க வேண்டும். அரை சதவீதம் குறைத்தால் 4.83 ஆகும், ஒப்பந்தம் 95.17க்குப் போக வேண்டும். விலை இரண்டுக்கும் சரிநடுவில் இருந்தால், அரை சதவீதக் குறைப்புக்குச் சந்தை பாதிக்குப் பாதி வாய்ப்புக் கொடுக்கிறது என்று பொருள். சிஎம்இயின் ஃபெட்வாட்ச் பக்கத்தில் வரும் சதவீதங்கள் இந்த வகைக் கணக்கில் கிடைப்பவைதான். இலவசமாகவே பார்க்கலாம்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு, கால் சதவீதம் நிச்சயம் என்ற அளவில்தான் விலை இருந்தது. அரை சதவீதத்துக்கான வாய்ப்பு மிகக் குறைவு. 12ஆம் தேதிக்குப் பிறகு அது மளமளவென்று ஏறி, கூட்டத்துக்கு முன்பே பாதியைத் தாண்டிவிட்டது. தங்கம் அந்த நாட்களில்தான் ஓடியது. 11ஆம் தேதி அவுன்ஸ் 2,510 டாலரை ஒட்டி இருந்தது, 13ஆம் தேதி 2,570ஐத் தாண்டியது. ஃபெட் அதுவரை எதுவும் செய்யவில்லை. எதிர்பார்ப்பு நகர்ந்தது, விலையும் கூடவே நகர்ந்தது.

18ஆம் தேதி நம் நேரப்படி இரவு 11.30க்கு முடிவு வந்தது. அரை சதவீதமே குறைத்தார்கள். தங்கம் 2,600 டாலரைத் தொடும் அளவுக்குத் தாவியது, பிறகு அன்றைக்கே 2,560க்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது. முன்கூட்டியே வாங்கியிருந்தவர்கள் லாபத்தை எடுத்தார்கள். இனிமேல் இதே வேகத்தில் குறைப்போம் என்று நினைக்க வேண்டாம் என்று ஃபெட் தலைவர் பாவெலும் பேட்டியில் சொன்னார். நம்மூர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்காவில் கோடை நேரம் நடக்கும் மாதங்களில் நம் நாட்டின் பொருள் சந்தையான எம்சிஎக்ஸில் தங்க வர்த்தகம் இரவு 11.30க்கு முடிகிறது. முடிவு வருவதும் சரியாக அந்த நேரத்தில்தான். தெற்கு ஆவணி மூல வீதிக் கடைகளில் மறுநாள் காலை விலைப் பலகை மாறும்போது, இரவில் ஏறியதும் இறங்கியதும் முடிந்த கதை.

பூ வியாபாரியின் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தோம். பவுன் ஏறத்தாழ 55,000 ரூபாய், பத்து பவுனுக்கு 5,50,000. அதற்கு 3 சதவீத ஜிஎஸ்டி 16,500 ரூபாய். விற்கும்போது இது திரும்பி வராது. அவருக்குத் தெரிந்த இடத்தில் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, ஒரு மாதத்துக்குக் குறையாமல் வாங்குவார்கள். அது 5,500. ஆக, கை நஷ்டம் இல்லாமல் வெளியே வரவே பவுன் 57,200க்குப் போக வேண்டும். காசுக்கான கூலியையும், திரும்ப வாங்கும்போது கடைக்காரர் கழிப்பதையும் இதில் சேர்க்கவில்லை. அவர் அடகு யோசனையை விட்டுவிட்டு, கையில் இருந்த பணத்துக்குக் கல்யாணத்துக்கு வேண்டிய மூன்று பவுன் மட்டும் வாங்கினார். செப்டம்பர் முடியும்வரை விலை 57,200ஐ எட்டவில்லை.

ஆனால் அக்டோபர் கடைசியில் பவுன் 59,000ஐத் தாண்டியது. அப்படியானால் வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஏற்றத்தை வட்டிக் குறைப்பின் கணக்கில் எழுத முடியாது. குறைப்புக்குப் பிறகு அமெரிக்காவின் 10 ஆண்டுக் கடன் பத்திர வட்டி ஏறிக்கொண்டிருந்தது. வட்டிக் கணக்கு மட்டும் பேசியிருந்தால் தங்கம் இறங்கியிருக்க வேண்டும். மத்திய வங்கிகள் 2022 முதல் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் வாங்கிக் குவித்ததும், அமெரிக்கத் தேர்தலை ஒட்டிய பயமும் அதன் பின்னால் இருந்தன. பத்து நாளில் விற்க நினைத்து வாங்கியவர், அதை எதிர்பார்த்து வாங்கவில்லை.

ஃபியூச்சர்ஸ் சொல்வதை ஜோசியமாகவும் எடுக்கக் கூடாது. 2023 டிசம்பரில் ஃபெட் அதிகாரிகளே 2024க்கு மூன்று குறைப்புகளைத்தான் எதிர்பார்த்தார்கள். சந்தை ஆறு வரை விலையில் சேர்த்தது. கடைசியில் முதல் குறைப்புக்கே செப்டம்பர் ஆகிவிட்டது, ஆண்டு முழுக்க மொத்தம் ஒரு சதவீதம்தான். இடையில், 2024 மார்ச், ஏப்ரலில் குறைப்பு தள்ளிப்போகும் என்று எதிர்பார்ப்பு சுருங்கியபோதும் தங்கம் ஏறியது. எதிர்பார்ப்பு தங்கத்தை இழுக்கும் கயிறுகளில் ஒன்று, அவ்வளவுதான்.

அதனால் ஃபெட் நாளுக்கு முன் நான் பார்ப்பது இதைத்தான்: எவ்வளவு குறைப்பார்கள் என்பதில் எவ்வளவு ஏற்கெனவே விலையில் ஏறிவிட்டது? ஃபெட்வாட்ச் கால் சதவீதக் குறைப்புக்கு 95 சதவீதத்துக்கு மேல் வாய்ப்புக் காட்டினால், அந்தக் கால் சதவீதம் பழைய செய்தி. அன்றைக்கு விலையை அசைக்கப்போவது, அடுத்தடுத்த கூட்டங்களுக்கான ஒப்பந்தங்கள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்பதுதான். 60, 40 என்று பிரிந்து கிடந்தால் இரண்டு பக்கமும் பெரிய ஆட்டம் இருக்கலாம். கடன் வாங்கி உள்ளே போகும் நாள் அது அல்ல.

கல்யாணத்துக்கு வாங்குபவர்களுக்கு இந்தத் தேதி பெரிய விஷயமே இல்லை. 2024 ஜூலை 23ஆம் தேதி மத்திய பட்ஜெட்டில் இறக்குமதி வரியை 15இலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தபோது, ஒரே நாளில் பவுனுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் இறங்கியது. அது சிகாகோவின் எந்த ஒப்பந்தத்திலும் தெரியாது. தேவையான பவுனை நாலைந்து தவணையாகப் பிரித்து, கைப்பணத்தில், முகூர்த்தத்துக்குச் சில மாதம் முன்பிருந்தே வாங்கச் சொல்கிறேன்.