ஆர்டர் குறைந்த மாதத்தில் அடக்க விலை ஏன் எகிறுகிறது?

கோவையில் பம்ப் இம்பெல்லர் கடைசல் செய்யும் ஒரு பட்டறைக்கு நான் காஸ்ட் கணக்குப் பார்க்கிறேன். போன வருடம் ஒரு மாதக் கடைசியில் உரிமையாளர் பதறிப்போய் அழைத்தார். "சார், ஒரு பீஸ் அடக்கமே 410 ரூபாய் வருது. நாம விக்கிறது 400. விலையை ஏத்தலேன்னா நஷ்டம்தான்."

காஸ்ட் ஷீட்டைத் திறந்து பார்த்தேன். பொருள், கரண்ட், டூல் எல்லாம் சேர்த்து மாறும் செலவு பீஸுக்கு 310 ரூபாய், அதில் மாற்றமில்லை. வாடகை, தேய்மானம், சூப்பர்வைசர் சம்பளம் என்று நிலையான ஓவர்ஹெட் மாதம் 12 லட்சம், அதிலும் மாற்றமில்லை. சிக்கல் ஒரே கட்டத்தில் இருந்தது. `=B14/C3`: 12 லட்சத்தை அந்த மாத உற்பத்தியால் வகுத்திருந்தார்கள். வழக்கமாக 20,000 பீஸ் ஓடும் இடத்தில் அந்த மாதம் 12,000தான் ஓடியது. அதனால் 60 ரூபாயாக இருக்க வேண்டிய ஓவர்ஹெட் 100 ஆகிவிட்டது.

இதை நம்பி விலையை ஏற்றினால் இன்னும் சில ஆர்டர் போகும். உற்பத்தி 10,000க்கு இறங்கினால் இதே கணக்கு ஓவர்ஹெட்டை 120 என்று காட்டும். மறுபடியும் விலை ஏற்றத் தோன்றும். இப்படியே போய் நல்ல வாடிக்கையாளர்களை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வழக்கமான திறனை வைத்து வகுத்தால் அடக்கம் 370 ரூபாய். ஓடாத 8,000 பீஸுக்கான 4.8 லட்சம் நஷ்டம் நிஜம்தான், மறைக்கக் கூடாது. ஆனால் அது சும்மா கிடந்த மெஷினின் செலவு. ஓடிய பீஸின் தலையில் அதைக் கட்டுவது தவறு.

கையிருப்பிலும் இந்தப் பிழை புகுந்துவிடும். மாதக் கடைசியில் 3,000 பீஸ் ஸ்டாக் இருந்தது. பீஸுக்கு 40 ரூபாய் கூட்டி மதிப்பிட்டதால் 1.2 லட்சம் நஷ்டம் ஸ்டாக்குக்குள் போய் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது. கையிருப்பை மதிப்பிடுவதற்கான இந்தியக் கணக்கியல் தரநிலையான ஏஎஸ் 2 இதை அனுமதிப்பதில்லை; இயங்காத திறனின் செலவை அந்தக் காலத்திலேயே லாப நஷ்டக் கணக்கில் எழுதச் சொல்கிறது. உற்பத்தி வழக்கத்துக்கு மீறி 24,000 ஆனால் மட்டும் விகிதத்தை 50 ஆகக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் செய்யாத செலவும் ஸ்டாக்கில் ஏறிவிடும்.

சரி, 20,000 எங்கிருந்து வந்தது? மெஷின்களின் முழுத் திறன் 30,000. பராமரிப்பு நேரம், விடுமுறை, டூல் மாற்றும் நேரம் எல்லாம் போக, சாதாரணச் சந்தை நிலவரத்தில் சில வருடங்கள் உண்மையில் ஓடிய சராசரிதான் 20,000. முழுத் திறனால் வகுத்தால் ஓவர்ஹெட் 40 ரூபாய்தான் வரும். அடக்கம் குறைவாகத் தெரிந்து விலையை விட்டுக்கொடுத்துவிடுவோம்.

இப்போது அவர்கள் ஷீட்டில் இயங்காத திறனுக்குத் தனி வரி இருக்கிறது, காரணத்தோடு. அந்த 4.8 லட்சத்தில் ஆர்டர் இல்லாததால் போனது 3.3 லட்சம். மீதி 1.5 லட்சம், ஒரு சிஎன்சி மெஷின் ஸ்பிண்டில் பேரிங்குக்காகக் காத்துக் கிடந்ததால் போனது. அதைப் பார்த்த அன்றே உரிமையாளர் ஒரு பேரிங் செட் வாங்கி ஸ்டோரில் வைத்துவிட்டார்.